மூன்றாவது மணி நேரத்தில் கால் ஏன் ஓய்கிறது?

கேள்வி: ஞாயிறு தோறும் மூணு மணி நேரம் சைக்கிள் ஓட்டுகிறேன், மிதமான வேகம்தான். காலை 5 மணிக்கு எழுந்து, பால் இல்லாத காபி மட்டும் குடித்துவிட்டு 6 மணிக்குக் கிளம்புவேன். கையில் 750 மில்லி தண்ணீர், ஒரு வாழைப்பழம். பசித்த பிறகு, அதாவது ரெண்டு மணி நேரம் கழித்துப் பழத்தைச் சாப்பிடுவேன். ஆனாலும் ரெண்டே கால் மணி நேரத்தில் கால் சுத்தமாக ஓய்ந்துவிடுகிறது. ஒருமுறை பாட்டிலில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடித்தேன், வயிறு ஊதி குமட்டல் வந்ததுதான் மிச்சம். கிளம்பும்போது எடை 68 கிலோ, திரும்பும்போது 66.3. எப்போது என்ன சாப்பிட வேண்டும்?

பதில்: எடை பார்த்து எழுதியதற்கு முதலில் நன்றி. பாதிக் கணக்கை அதுவே போட்டுத் தந்துவிட்டது. தண்ணீருக்குப் பிறகு வருகிறேன், முதலில் சாப்பாடு.

உடம்பு கார்போஹைட்ரேட்டை கிளைகோஜனாக இரண்டு இடங்களில் சேர்த்து வைக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், கல்லீரலில் 100 கிராம். மிதமான வேகத்தில் மூன்று மணி நேரம் மிதிக்க, உங்கள் எடைக்கு 200 முதல் 250 கிராம் வரை செலவாகும். மீதி ஆற்றல் கொழுப்பிலிருந்து வரும். 500 கிராம் இருப்பில் 250 போனால் பாதி மிச்சம் இருக்க வேண்டுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ஒரு தசை தன் கிளைகோஜனை இன்னொரு தசைக்குக் கடன் கொடுக்காது. கையிலும் தோளிலும் இருப்பது கையிலும் தோளிலுமே கிடக்கும், மிதிப்பது தொடையின் இருப்பு மட்டும். ரத்தத்தில் சர்க்கரை குறையாமல் பார்த்துக்கொள்வது கல்லீரலின் வேலை. இரவு முழுக்க நீங்கள் தூங்கும்போதும் அது மூளைக்குச் சர்க்கரை கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. விடிகாலையில் அதன் கையிருப்பு வெகுவாக இறங்கியிருக்கும். நீங்களோ காபியை மட்டும் குடித்துவிட்டு ஏறுகிறீர்கள்.

ரெண்டே கால் மணியில் நடப்பது இதன் விளைவுதான். சைக்கிள்காரர்கள் இதை ஆங்கிலத்தில் 'bonk' என்பார்கள். ரெண்டு மணிக்குத் தின்ற பழத்தால் அதைத் தடுக்க முடியாது. அது வயிற்றைத் தாண்டி, குடலில் உறிஞ்சப்பட்டு, காலுக்குப் போய்ச் சேர நேரமாகும். பசி வந்த பிறகு சாப்பிட ஆரம்பிப்பவர் எப்போதும் கால் மணி, அரை மணி பின்தங்கியே இருப்பார். மூன்றாவது மணிக்கான சாப்பாட்டை முதல் மணியிலேயே தொடங்கியாக வேண்டும்.

மூன்று மணி நேர ஓட்டத்துக்கு, மணிக்கு 30 முதல் 60 கிராம் கார்போஹைட்ரேட் போதும். பேசிக்கொண்டே ஓட்டும் அளவுக்கு மெதுவாகப் போனால் 30, மேடும் வேகமும் கலந்திருந்தால் 60. குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்கு 60 கிராமுக்கு மேல் உள்ளே விடாது. அதன் வாசல் அவ்வளவுதான். ஃப்ரக்டோஸுக்கு வேறொரு வாசல் உண்டு. அதனால் இரண்டையும் கலந்து எடுக்கும் பந்தயக்காரர்கள் 90 வரை போகிறார்கள். நாம் வீட்டில் போடும் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ்தான். ஆக, தனியாகப் பொடி, ஜெல் என்று வாங்கியே தீர வேண்டும் என்பதில்லை. பையில் சிறியதாக அடங்கும், சட்டென்று விழுங்கலாம் என்பதே ஜெல்லின் சௌகரியம்.

நீங்கள் இப்போது மொத்த ஓட்டத்துக்கும் ஒரு பழம், சுமார் 25 கிராம் எடுக்கிறீர்கள். ஒரே பாய்ச்சலில் 60-க்குத் தாவ வேண்டாம். மணிக்கு 45 என்று வையுங்கள்.

கிளம்பும் முன்பு சாப்பிடுவதிலிருந்து தொடங்குவோம். இரண்டு, மூன்று மணி நேரம் முன்பு சாப்பிடுவதுதான் உத்தமம் என்பார்கள். 6 மணிக்குக் கிளம்புகிறவர் அதற்காக மூன்று மணிக்கு எழுந்தால் தூக்கம்தான் கெடும். எழுந்தவுடன் 5 மணிக்கே ஜாம் தடவிய இரண்டு துண்டு வெள்ளை ரொட்டி, ஒரு வாழைப்பழம் சாப்பிடுங்கள். சுமார் 65 கிராம் வரும். கூடவே ஒரு பெரிய டம்ளர் தண்ணீர், காபியும் குடிக்கலாம். வெண்ணெய், முட்டை, கொட்டை வகை, நார் மிகுந்த தானியம் எல்லாம் நல்லவைதான், ஆனால் இந்த வேளைக்கு வேண்டாம். வயிற்றை விட்டு இறங்க நேரமாகும். சிலருக்கு முக்கால் மணி முன்பு இனிப்பு சாப்பிட்டால் ஓட்டத்தின் முதல் கால் மணியில் லேசாகக் கை நடுங்கும். இன்சுலின் ஏறியிருக்கும் நேரத்தில் தசையும் சர்க்கரையை இழுப்பதால் வருவது அது. பெரும்பாலும் தானே அடங்கிவிடும். உங்களுக்கு அப்படி ஆனால் பழத்தை மட்டும் தள்ளிவைத்து, ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்பு சாப்பிடுங்கள்.

இனி பாட்டில். அன்று நீங்கள் அள்ளிப் போட்டது 100 கிராம் என்று வைத்துக்கொண்டால், 750 மில்லியில் அது 13 சதவீதத்துக்கு மேல். அவ்வளவு கெட்டியான கரைசலை வயிறு சீக்கிரம் கீழே அனுப்பாது. குடலுக்குப் போனதும் அது உடம்பிலிருந்தே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஊதலும் குமட்டலும் அதனால்தான். குடிப்பதற்கு 6 சதவீதம் போதும். அதாவது 750 மில்லிக்கு 45 கிராம் சர்க்கரை, ஒரு கிராம் உப்பு. கால் டீஸ்பூன் உப்பு ஏறக்குறைய ஒன்றரை கிராம் இருக்கும், அதைவிடக் கொஞ்சம் குறைத்துப் போடுங்கள். எலுமிச்சை பிழிந்தால் தித்திப்பு திகட்டாது. சர்க்கரையை முதல் தடவையாவது தராசில் நிறுத்துப் போடுங்கள். ஸ்பூனைக் குவித்து எடுப்பவர் கையும் மட்டமாக எடுப்பவர் கையும் ஒன்றல்ல.

இரண்டு 750 மில்லி பாட்டில்களைக் கட்டிக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் இந்தக் கரைசல். முதுகுப் பையில் இரண்டு வாழைப்பழம், இரண்டு துண்டை ஜாம் தடவி ஒட்டி, பாதியாக வெட்டிய ரொட்டி. ரொட்டியில் 40, பழங்களில் 50, பாட்டிலில் 45. மொத்தம் 135 கிராம்.

கடிகாரத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை அலாரம் வையுங்கள். முதல் அலாரத்தில் பாதி ரொட்டி, 40-ஆவது நிமிடத்தில் மீதி. அந்நேரம் பசியே இருக்காது, 'இப்போதேவா?' என்று மனசு சொல்லும். சாப்பிட்டுவிடுங்கள். ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை அலாரம் அடிக்கும்போதெல்லாம் பாதிப் பழம். முதல் ஒன்றரை மணி நேரம் தண்ணீர் பாட்டில், பிறகு சர்க்கரை பாட்டில். களைப்பு ஏற ஏற மெல்லவே பிடிக்காமல் போகும். அதனால்தான் கடித்துத் தின்பதை முன்னாலும் குடிப்பதைப் பின்னாலும் வைத்தேன். கடைசி 20 நிமிடத்தில் எடுப்பது வீடு வந்த பிறகுதான் உதவும்.

பொட்டலம் கட்டும் விஷயத்தில் ஒரு சொந்த அனுபவம். நீண்ட ஓட்டம் ஒன்றில் பேரீச்சம்பழத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தேன். கையுறையோடு ஒற்றைக் கையால் அந்த முடிச்சு அவிழவில்லை. 'அடுத்த இறக்கத்தில் பார்ப்போம்' என்று ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போட்டு, கடைசியில் சாலையோரக் கல்லில் உட்கார்ந்து, நடுங்கும் கையால் பல்லை வைத்துக் கிழித்தேன். அன்றிலிருந்து எதையும் தாளில் தளர்வாகத்தான் சுற்றுகிறேன். ரொட்டியின் ஓரத்தை வெட்டிவிட்டால் காய்ந்த வாயிலும் இறங்கும்.

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். எடையில் குறைந்தது 1.7 கிலோ, குடித்தது 750 மில்லி. இரண்டையும் கூட்டினால் கிட்டத்தட்ட 2.45 லிட்டர், மணிக்கு 800 மில்லி வியர்வை. 1.7 கிலோ என்பது உங்கள் எடையில் 2.5 சதவீதம். 2 சதவீதத்தைத் தாண்டினாலே பலருக்கு, வெயிலில் குறிப்பாக, ஓட்டம் தளரும். ஒன்றரை லிட்டர் குடித்தால் இழப்பு ஒரு கிலோவுக்குள், 1.4 சதவீதத்தில் நிற்கும். அது போதும். வியர்த்ததை முழுவதும் ஈடுகட்ட வேண்டியதில்லை. திரும்பி வரும்போது எடை கூடியிருந்தால் அது ஆபத்தான பக்கம். அளவுக்கு மீறிக் குடித்து ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போனால் தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், குழப்பம் வரும். அப்போது மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். உங்கள் 800 மில்லி அன்றைய வெயிலுக்கும் வேகத்துக்குமான அளவு. பருவம் மாறினால் மறுபடி எடை பாருங்கள். வெயில் கூடினால் வழியில் தண்ணீர் நிரப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் கால் ஓய்ந்தால், எது தீர்ந்தது என்று பாருங்கள். கொட்டாவி, காரணமில்லாத எரிச்சல், குளிர்ந்த வியர்வை, 'இன்னும் எத்தனை கிலோமீட்டர்' என்று கழித்துப் பார்க்கக்கூட முடியாத மந்தம் இவை சர்க்கரை இறங்கியதன் அடையாளம். வேகத்தை விட்டுவிட்டு, சர்க்கரை பாட்டிலில் பாதிக்கு மேல் குடித்து, கால் மணி நேரம் மெதுவாக மிதியுங்கள். தெளிவு திரும்பினால் சர்க்கரைதான் காரணம். அதே வேகத்தில் இதயத்துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போய், வாய் உலர்ந்தால் வெப்பத்தையும் தண்ணீரையும் சந்தேகியுங்கள். இரண்டும் இல்லை என்றால் முதல் மணியில் வேகமாகப் போய்விட்டீர்களா என்று பாருங்கள். ஆரம்ப மேட்டில் மூச்சுவாங்க ஏறும்போது கொழுப்பு ஒதுங்கிக்கொள்ளும், தொடையின் கிளைகோஜன்தான் எரியும்.

இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவராக இருந்தால் மேலே சொன்ன அளவு எதையும் அப்படியே பின்பற்ற வேண்டாம். மருந்தின் அளவையும் சேர்த்து உங்கள் மருத்துவர்தான் திட்டமிட வேண்டும்.

மூன்று, நான்கு ஞாயிறு இந்த 45-ஐ வயிறு முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டால், தண்ணீர் பாட்டிலிலும் 25 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாருங்கள். குடலும் பழக்கத்துக்கு வரும் உறுப்புதான்.