குடித்த இரண்டு லிட்டர் எங்கே போனது?

*ஞாயிறு காலை தி.நகரில் மூன்று மணி நேரம் கிரிக்கெட். போகும்போது எடை 60 கிலோ, திரும்பும்போது 58. விட்டதைப் பிடிக்க இரண்டு லிட்டர் கேன் தண்ணீர் குடித்தேன். ஒரு மணி நேரத்துக்குள் கண்ணாடி மாதிரி சிறுநீர் இரண்டு முறை போனது, ஆனால் எழுந்து நின்றால் மாலை வரை தலைசுற்றல். குடித்தது ஏன் தங்கவில்லை?*

எடை பார்த்தது நல்லதாகப் போயிற்று, அதை வைத்தே கணக்குப் போடலாம்.

உங்கள் 60 கிலோவில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 36 லிட்டர் தண்ணீர். இதில் 24 லிட்டர் செல்களுக்கு உள்ளே, 12 லிட்டர் வெளியே. ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா, வெளியே இருப்பதில் கால் பங்குதான். உள்ளே பொட்டாசியம், வெளியே சோடியம் என்று சரக்கு வேறாக இருந்தாலும், தண்ணீரில் கரைந்திருக்கும் துகள்களின் அடர்த்தி இரண்டு பக்கமும் ஒன்றே, ஏனென்றால் தண்ணீர் செல் சவ்வைத் தாண்டிப் போய்ச் சமன் செய்துவிடும். இந்த அடர்த்திதான் ஆஸ்மோலாலிட்டி. லேப் ரிப்போர்ட்டிலிருந்தே இதைக் கணக்கிடலாம்: சோடியத்தை இரண்டால் பெருக்கி, சர்க்கரையை 18-ஆல், யூரியாவை 6-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். சோடியம் 138, சர்க்கரை 90, யூரியா 24 என்றால் 276 + 5 + 4 = 285. லிட்டர் தண்ணீருக்கு இத்தனை மில்லிஆஸ்மோல் என்று பொருள், கரைந்த துகள்களை எண்ணும் அலகு அது. (பாடப்புத்தகத்தில் 2.8 என்று பார்த்திருந்தால் அது யூரியா நைட்ரஜனுக்கு. நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் யூரியாவைத்தான் தருகின்றன.)

ஆக ஆட்டத்துக்கு முன் உங்கள் உடலில் கரைந்திருந்தது 36 × 285 = 10,260 மில்லிஆஸ்மோல். அதில் செல்லுக்கு உள்ளே 6,840, வெளியே 3,420.

இப்போது வியர்வை. லிட்டருக்கு 50 மில்லிமோல் சோடியம் என்று வைப்போம். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும். கூடவே போகும் குளோரைடையும் சேர்த்தால் இரண்டு லிட்டரில் 200 மில்லிஆஸ்மோல், அதுவும் செல்லுக்கு வெளியே இருந்த சரக்கிலிருந்து. மிச்சம் 10,060. அதை 34 லிட்டரால் வகுத்தால் 296.

மூளையின் ஹைப்போதலாமஸ் ஒன்றிரண்டு சதவீத மாற்றத்தையே கண்டுபிடித்துவிடும், இங்கே ஏறியதோ நான்கு சதவீதம். உடனே பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து ஏடிஎச் ஹார்மோன் கொட்டும். அது சிறுநீரகத்தின் சேகரிப்புக் குழாய்ச் செல்களில் அக்வாபோரின் என்ற தண்ணீர்க் கதவுகளைப் பதிக்கும், அவற்றின் வழியாகத் தண்ணீர் உடலுக்குள் திரும்பும். சிறுநீர் கொஞ்சமாக, அடர் மஞ்சளாக வரும். தாகமும் எடுக்கும்.

நீங்கள் இரண்டு லிட்டர் குடித்தீர்கள். 10,060-ஐ 36-ஆல் வகுத்தால் 279. தண்ணீர் திரும்பியது, உப்பு திரும்பவில்லை. 280-ஐ ஒட்டி இறங்கினாலே ஏடிஎச் கிட்டத்தட்ட நின்றுவிடும். ரத்தத்தில் ஏற்கெனவே இருந்த ஏடிஎச்சும் அரை மணிக்குள் பெருமளவு சிதைந்து, கதவுகள் உள்ளே இழுக்கப்பட, வெறும் தண்ணீராகவே வெளியேறும். உங்கள் ‘கண்ணாடி’ அதுதான். அடர்த்தி 285-க்குத் திரும்பும்வரை இது நடக்கும். அந்த 285-இல் 10,060 ÷ 285 = 35.3 லிட்டரைத்தான் உடல் வைத்துக்கொள்ளும். 700 மில்லி கழிப்பறைக்குப் போனது.

தலைசுற்றலுக்கு விடை அடுத்த வகுத்தலில் இருக்கிறது. செல்லுக்கு உள்ளே 6,840 ÷ 285 = 24 லிட்டர், பழையபடியே. வெளியே 3,220 ÷ 285 = 11.3. துண்டு விழுந்த 700 மில்லி முழுக்கச் செல்லுக்கு வெளியே, அதாவது ரத்தமும் இருக்கும் பக்கத்தில். ரத்த அளவு குறைந்ததால்தான் எழுந்து நின்றால் தலை சுற்றியது. ஏடிஎச் சாதாரணமாக அடர்த்தியைத்தான் பார்க்கும். ரத்த அளவு பத்து சதவீதம் போலக் குறைந்தால்தான் அந்தக் கணக்கை மீறிக்கொண்டு பலமாகச் சுரக்கும். உங்கள் குறைவு அந்த அளவுக்கு இல்லை, எனவே அது கண்டுகொள்ளவில்லை.

போன உப்பு 100 மில்லிமோல், எடையில் கிட்டத்தட்ட 6 கிராம், தலைதட்டிய ஒரு டீஸ்பூன். மொத்தத்தையும் தண்ணீரில் கலக்கினால் வாயில் வைக்க முடியாது. உப்புப் போட்ட மோர், பழைய சோறு, ஊறுகாய் என்று அடுத்த வேளைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டு, தண்ணீரைப் பிரித்துக் குடியுங்கள். அவசரத்துக்கு ஓஆர்எஸ் பாக்கெட் சரி, ஒரு லிட்டரில் கரைத்தால் 75 மில்லிமோல் சோடியம் இருக்கும். ரத்தக் கொதிப்பு, இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் உப்பை ஏற்ற வேண்டாம்.

இந்தக் கணக்கு பொய்த்துப்போகும் ஓர் இடம் உண்டு. நீண்ட ஓட்டம், வலி, குமட்டல், சில மாத்திரைகள் இவற்றால் அடர்த்தி இறங்கிய பிறகும் ஏடிஎச் நிற்காமல் சுரக்கலாம். அப்போது குடித்த தண்ணீர் சிறுநீராகப் போகாது. சோடியம் இறங்கி மூளைச் செல்கள் வீங்கும். விளையாடி முடித்தபின் எடை ஏறியிருந்து, தலைவலியும் வாந்தியும் குழப்பமும் இருந்தால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும்.