வாங்குவேன் என்ற 130 பேரில் எத்தனை பேர் வாங்குவார்கள்?

கேள்வி: சிறுதானிய தோசை மாவு பாக்கெட் கொண்டுவரப் போகிறோம். 200 பேரிடம் கேட்டதில் 130 பேர் வாங்குவோம் என்றார்கள். இதை நம்பி எவ்வளவு மாவு அரைப்பது என்று முடிவு செய்யலாமா?

பதில்: வேண்டாம். மாவு சில நாளில் புளித்துவிடும், மிஞ்சினால் அப்படியே நஷ்டம்.

முதலில் அந்த 130ஐப் பிரித்துப் பாருங்கள். "கண்டிப்பாக வாங்குவேன்" 40 பேர், "வாங்கலாம்" 90 பேர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் ஒன்றாகக் கூட்டுவதில்தான் பாதிக் குழப்பம் ஆரம்பிக்கிறது. "வாங்கலாம்" என்பது பெரும்பாலும் நேரில் கேட்டவரின் மனம் நோகாமல் சொல்லும் பதில். சொல்வதற்குக் காசு செலவில்லை. வீட்டில் ஏற்கெனவே மாவு அரைப்பதும், கடைக்காரர் வழக்கமாகத் தரும் பாக்கெட்டும் அந்த நிமிடத்தில் யார் நினைவிலும் இருக்காது.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: சர்வேயில் உங்கள் மாவைப் பற்றி 200 பேருக்கும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். நிஜத்தில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களின் தெருக் கடையிலும் இருக்க வேண்டுமே.

கணக்குப் போடுவோம். "கண்டிப்பாக" என்றவர்களில் பாதி, "வாங்கலாம்" என்றவர்களில் பத்தில் ஒருவர்: 20 + 9 = 29 பேர், சுமார் 15%. மாவைப் பற்றித் தெரிந்தவர்கள் 40%, அவர்களில் பாதிப் பேருக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்கிறது என்றால், 15 சதவீதம் 3 ஆகிறது. 10,000 குடும்பங்களில் 300. அதுவும் முதல் பாக்கெட் மட்டும்தான். மறுபடி வாங்குவது ருசியைப் பொறுத்தது, அதைச் சர்வே சொல்லாது. இந்த விகிதங்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. உங்கள் பழைய பொருள் ஒன்றில் சொன்னவர்கள் எத்தனை, வாங்கியவர்கள் எத்தனை என்ற கணக்கு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

ஆனால் அந்தக் கணக்கை எடுக்கும்போது கேள்வி கேட்கப்பட்டவர்களை மட்டும் பின்தொடராதீர்கள். கேட்டதாலேயே சிலர் வாங்கிவிடுவார்கள் என்று மார்க்கெட்டிங் ஆய்வாளர் விக்கி மார்விட்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 1993இல் காட்டினார்கள். கேட்கப்படாதவர்களின் விற்பனையோடு ஒப்பிட்டால்தான் விகிதம் சரியாக வரும்.

அடுத்த முறை "வாங்குவீர்களா" என்று கேட்காமல், "அடுத்த நான்கு வாரத்தில், இந்த விலையில் வாங்க எவ்வளவு வாய்ப்பு, 0 முதல் 10க்குள் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தாமஸ் ஜஸ்டர் 1966இல் முன்வைத்த முறை இது. வாங்கும் எண்ணமே இல்லை என்றவர்களிலும் கணிசமானோர் பின்னர் வாங்கியதை அவர் கவனித்திருந்தார், அதனால் உங்கள் மீதி 70 பேரையும் பூஜ்யமாக எடுக்காதீர்கள். அதே தாளில், விற்பனை அளவு உங்களுக்குத் தெரிந்த ஒரு பாக்கெட் மாவைப் பற்றியும் கேளுங்கள். அதற்கு எவ்வளவு மிகைப்படுத்துகிறார்களோ, உங்களுடையதற்கும் குறைந்தது அவ்வளவு கழிக்கலாம். புதுப் பொருள் என்றால் இன்னும் கொஞ்சம் கூட.

அப்புறம், ஐந்தாறு கடையில் இரண்டு வாரம் காசுக்கு விற்றுப் பார்த்துவிட்டு அரைக்கும் அளவை முடிவு செய்யுங்கள்.