கடற்கரை வீட்டில் சார்ஜர் பின் ஏன் அரிக்கிறது?

கேள்வி: எங்க வீடு கடற்கரைக்குப் பக்கம். எந்த கேபிள் வாங்கினாலும் சீக்கிரமே பின் பச்சை பூத்துப் போயிடுது. சார்ஜரை எங்கே, எப்படி வைக்கணும்?

சார்ஜ் போடாத நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடுங்கள். டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் அதற்கு அடுத்ததுதான்.

தூத்துக்குடியில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். பச்சை பூத்த கேபிள் கடைக்கு வந்தால் லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் எல்லாப் பின்னும் கெட்டிருக்காது. டைப்-சி முனையில் வரிசைக்கு 12 இடம் உண்டு. எந்தப் பக்கமிருந்து எண்ணினாலும் நாலாவது இடத்தில் இருப்பதுதான் கரண்ட் வரும் பின். அது கருத்தோ பச்சையாகவோ இருக்கும், மற்றவை பளபளப்பாகவே இருக்கும். வெறும் காற்று மட்டும் காரணமென்றால் எல்லாம் ஒரே மாதிரி அல்லவா கெட்டிருக்க வேண்டும்?

கடல் காற்றில் வரும் உப்பு முனையில் மெல்லிய படலமாகப் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பே தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால், அதைவிட வறண்ட காற்றிலும் அந்தப் படலம் பிசுபிசுவென்றுதான் இருக்கும். அதில் 5 வோல்ட் கிடைத்தால் மின்முலாம் பூசுவது தலைகீழாக நடக்கிறது. பிளஸ் பக்கத்துப் பின்னில் தங்க முலாம் தேய்ந்த இடத்தில் அடியிலிருக்கும் நிக்கலும் செம்பும் கரைந்து வெளியே வரும். நீங்கள் பார்க்கும் பச்சை அந்தச் செம்புதான்.

இதில் கேபிளின் வகையும் முக்கியம். ஒரு முனை பழைய அகல யூஎஸ்பி, மறு முனை டைப்-சி என்றால், சுவிட்ச் போட்டிருக்கும் வரை ஃபோன் மாட்டாமலே முனையில் 5 வோல்ட் நிற்கும். இரண்டு முனையும் டைப்-சி ஆக இருந்தால், மறுமுனையில் ஃபோன் இருக்கிறதென்று சார்ஜர் உணர்ந்த பிறகே கரண்ட் வரும். கடற்கரை வீட்டுக்கு நான் இரண்டாவதையே சொல்வேன்.

தருவைக்குளத்திலிருந்து ஒருவர் வந்தார். “அண்ணாச்சி, மழையே இல்ல. ஆனா போர்ட்டுல ஈரம் இருக்குன்னு ஃபோன் சொல்லிக்கிட்டே இருக்கு” என்றார். போர்ட்டுக்குள் சொட்டு ஈரமில்லை. நடுவிலிருக்கும் நாக்கில், நாலாவது பின்னுக்கும் பக்கத்துப் பின்னுக்கும் இடையே பச்சைப் பொடி பாலம் போட்டிருந்தது. அந்தப் பக்கத்துப் பின்தான் என்ன மாட்டியிருக்கிறது என்று ஃபோன் கண்டுபிடிக்கும் வழி. பொடி வழியே கொஞ்சம் கரண்ட் கசிந்ததும் ஃபோன் அதை ஈரம் என்று எடுத்துக்கொண்டது. கேபிளை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். கடல் பார்த்த ஜன்னலோரம் தொங்குமாம், சுவிட்சை அணைப்பதே இல்லையாம். போர்ட்டைச் சுத்தம் செய்ததும் எச்சரிக்கை நின்றது. கேபிளை மாற்றச் சொன்னேன், ஏனென்றால் முலாம் போன பின் திரும்ப அரிக்கும், அந்தப் பொடி மறுபடி போர்ட்டுக்குள் போகும்.

சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மென்மையான டூத் பிரஷ்ஷும் போதும். சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுத்து, ஃபோனை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே மாட்டுங்கள். சானிடைசர் வேண்டாம், அதில் தண்ணீரும் கிளிசரினும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் மிச்சமிருக்கும் முலாமும் போய்விடும். குண்டூசி போர்ட்டின் நாக்கையே கெடுத்துவிடும்.

டப்பாவில் வைப்பதற்கு முன் முனையை அதே ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். உப்போடு மூடினால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டியது போலத்தான். மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா நல்லது. இரண்டு மூன்று லிட்டர் டப்பாவுக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் தாராளம். ஆரஞ்சு நிற மணிகளாக வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு வையுங்கள். நீல மணியில் கோபால்ட் உண்டு, வீட்டுக்கு வேண்டாம். ஆரஞ்சு பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் போட்டுச் சிறு தீயில், பழைய நிறம் திரும்பும் வரை சூடாக்கி ஆறவிடுங்கள். மூடியை அடிக்கடி திறக்கும் வீட்டில் இது சீக்கிரமே தேவைப்படும். அதனால் தினமும் எடுக்கும் சார்ஜரை டப்பாவில் வைக்கச் சொல்ல மாட்டேன். அதற்கு ஜன்னலையும் சமையலறையையும் விட்டுத் தள்ளி, உள்சுவர்ப் பக்கத்து மேஜை இழுப்பறை போதும். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம், அந்த மாவு போர்ட்டை அடைக்கும்.

ஏசி அறையில் குளிர்ந்த சார்ஜரை வெளியே கொண்டுவந்ததும் மாட்டாதீர்கள், பின்னில் பனி பூக்கும். அறைச் சூட்டுக்கு வரட்டும். முனையின் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ, மாட்டிய இடம் கை வைக்க முடியாத சூடாக இருந்தாலோ சுத்தம் செய்து பயனில்லை, அந்தக் கேபிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.