வாட்ஸ்அப்பில் வந்த அபராத நோட்டீஸ்: மூத்தவர்களின் கேள்விகளும் செல்போன் சர்வீஸ்காரரின் பதில்களும்

"ஸ்கூட்டருக்கு அபராதம்னு வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் வந்திருக்கு. அனுப்பினது என் பழைய சிநேகிதர். திறந்து பார்க்கலாமா?" (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், 71)

வேண்டாம் சார். ஃபைல் பெயரின் வாலைப் பாருங்கள். .pdf என்று முடிந்தால் அது படிக்கிற காகிதம். .apk என்று முடிந்தால் அது ஆப். உங்கள் போனுக்குள் குடியேற வருகிறது. அபராத நோட்டீஸ் ஆப்பாக வர வேண்டிய அவசியமே இல்லை.

சிநேகிதரை உடனே போனில் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அவர் அனுப்பியிருக்க மாட்டார். அவர் போனில் ஏற்கெனவே புகுந்த ஆப்தான் அவருக்குத் தெரிந்த எல்லோருக்கும் அதே ஃபைலைத் தள்ளியிருக்கும். அபராதம் உண்மையா என்று தெரிய echallan.parivahan.gov.in என்று நீங்களே டைப் செய்து போய்ப் பாருங்கள். வந்த மெசேஜில் உள்ள லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

"ஓடிபியை யார்கிட்டயும் சொல்லலைன்னா பணம் போகாது. நான் அதுல ரொம்ப கறார். அப்புறம் என்ன பயம்?" (மளிகைக் கடை நடத்தியவர், 66)

பாதிதான் சரி ஐயா. வாயால் சொல்வது ஒரு வழி. நாம் சொல்லாமலே அவர்கள் படித்துக்கொள்வது இன்னொரு வழி.

என் கடைக்கு ஓர் அம்மா வந்தார். இதே மாதிரி ஃபைலை இன்ஸ்டால் செய்திருக்கிறார். திறந்ததும் SMS பார்க்க அனுமதி கேட்டு ஒரு பெட்டி வந்திருக்கிறது. Allow என்று அமுக்கியிருக்கிறார். பிறகு ஐகானே காணாமல் போக, 'சரியா இறங்கலை போல' என்று விட்டுவிட்டார். வங்கி அனுப்பிய ஓடிபி எல்லாம் அந்த ஆப் வழியாக வேறு எங்கோ போய்க்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கணக்கில் பணம் குறைந்திருந்தது. அவர் ஒருவரிடமும் ஓர் எண்ணைக்கூடச் சொல்லவில்லை.

"ஐயையோ, நேத்து ராத்திரி நானும் Install அமுக்கிட்டேன் தம்பி. ஐகானைக் காணோம். பணம் இன்னும் இருக்கு. இப்ப என்ன செய்ய?" (இல்லத்தரசி, 63)

இதைப் படித்ததும் வைஃபை, மொபைல் டேட்டா இரண்டையும் அணைத்துவிட்டு சிம்மைக் கழற்றிவிடுங்கள் அம்மா. நெட்டை மட்டும் அணைத்தால் போதாது; சிம் உள்ளே இருந்தால் ஓடிபி SMS ஆகவே வெளியே போகலாம்.

அடுத்து வீட்டில் வேறொருவர் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, நெட் பேங்கிங், யுபிஐ, கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். வங்கி நம்பரை கூகுளில் தேடாதீர்கள், அங்கேயும் போலி நம்பர்கள் உண்டு. கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

அதன் பிறகுதான் ஆப்பை நீக்குவது. Settings-இல் Apps பட்டியலைத் திறந்து, நேற்று புதிதாக வந்ததைத் தேடுங்கள். ஐகான் மறைந்தாலும் பட்டியலில் பெரும்பாலும் பெயர் இருக்கும். Uninstall வேலை செய்யவில்லை என்றால் Settings-இன் தேடல் பெட்டியில் Device admin என்று தேடி, அதில் அந்த ஆப்பை அணைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். அப்போதும் போகவில்லை, அல்லது எது என்றே தெரியவில்லை என்றால் Factory reset செய்வதே நல்லது. போட்டோ, தொடர்பு எண்களை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்த பிறகே சிம்மைப் போடுங்கள். யுபிஐ பின்னையும் நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

"வங்கியில் 34 வருடம் இருந்தவன். ஒன்று சேர்க்கிறேன்: வங்கியில் புகார் எண்ணும் நேரமும் கேட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. தெரிவிப்பதற்கு முன் போனது கிடைக்குமா?" (ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், 69)

நல்ல விஷயம் சொன்னீர்கள் சார். முன்னால் போனதைப் பற்றி உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. 'நீங்கள்தானே இன்ஸ்டால் செய்தீர்கள்' என்று வங்கி வாதிடும். திருடர்கள் அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் 1930 மூலம் முடக்கினால் கிடைக்கலாம். என் கடைக்கு வந்த அந்த அம்மாவுக்கு ஒரு பகுதிதான் திரும்பியது, மீதிக்கு இன்னும் அலைகிறார்.

"பேரன் அனுப்பற போட்டோ மங்கலா நிக்குது, திறக்கவே மாட்டேங்குது. அதுவும் இந்த வைரஸ்தானா?" (விவசாயி, 74)

இல்லை ஐயா, போட்டோ இன்னும் இறங்கவில்லை. அதன் நடுவில் உள்ள கீழ்நோக்கிய அம்புக்குறியைத் தொடுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் போனில் இடம் நிறைந்திருக்கலாம்.

"தெரியாம தொட்டாலும் இன்ஸ்டால் ஆகாதபடி பூட்டி வைக்க முடியுமா?" (தையல் ஆசிரியை, 65)

முடியும் அம்மா. Settings தேடல் பெட்டியில் Install unknown apps என்று டைப் செய்யுங்கள். வரும் பட்டியலில் WhatsApp, Chrome, Files மூன்றும் Not allowed என்று இருக்க வேண்டும். சில கம்பெனி போன்களில் பெயர் சற்று மாறும். Unknown என்று தேடினாலே வந்துவிடும்.

இதற்குப் பிறகு .apk ஃபைலைத் தொட்டால், இன்ஸ்டால் செய்ய அனுமதி இல்லை என்று ஒரு பெட்டி வரும். அதில் Cancel, Settings என்று இரண்டு பொத்தான் இருக்கும். திருடன் போனில் பேசிக்கொண்டே Settings-ஐ அமுக்கச் சொல்வான். அங்கே Cancel மட்டும்தான் உங்களுக்கு.