இ-சைன் வாடகை ஒப்பந்தத்துக்குச் செல்லும், பவருக்குச் செல்லாது

கேள்வி: சார், நான் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறேன். தண்டையார்பேட்டையில் என் பேரில் உள்ள வீட்டின் மாடி போர்ஷனை ஒரு குடும்பம் மாதம் 18,000 ரூபாய்க்குக் கேட்கிறது. மூன்று வருஷத்துக்கு எழுதச் சொல்கிறார்கள். எனக்கு இப்போது லீவு கிடையாது. ஆதார் ஓடிபி போட்டு இ-சைன் பண்ணினால் போதும், சாட்சியாகத் தம்பி வீடியோ காலில் பார்த்துக் கையெழுத்துப் போடலாம் என்கிறார் புரோக்கர். இது செல்லுமா?

பதில்: உங்கள் விஷயத்தில் சிக்கல் இ-சைனில் இல்லை, மூன்று வருஷத்தில் இருக்கிறது. சொத்து ஒப்பந்தங்களுக்கு மின்கையெழுத்து ஆகாது என்று இன்னும் சிலர் சொல்வார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அப்படி ஒரு விலக்கு இருந்தது உண்மை. 2022-ல் அதை எடுத்துவிட்டார்கள். எனவே வெளிநாட்டில் இருந்தபடி வாடகை ஒப்பந்தத்தில் ஆதார் இ-சைன் போடலாம்.

ஆனால் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்கே ஆள் நேரில் நிற்க வேண்டும். பதியாமல் மூன்று வருஷம் என்று எழுதி, அவர்களும் குடிவந்து வாடகை கொடுத்தால், அது மாதாமாத வாடகையாகத்தான் நிற்கும் என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டது. மூன்று வருஷம் என்ற கெடுவும், வருஷாவருஷம் வாடகையைக் கூட்டலாம் என்ற ஷரத்தும் நாளை தகராறு வந்தால் உங்களுக்குக் கைகொடுக்காது.

என் யோசனை, இப்போதைக்கு 11 மாதத்துக்கு எழுதி இ-சைன் போடுங்கள். அடுத்த லீவில் வரும்போது மூன்று வருஷப் பத்திரத்தை நேரில் பதிந்துகொள்ளலாம்.

அந்த ஓடிபி விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். ஆதாரில் பதிந்த உங்கள் இந்திய சிம் இப்போது யார் கையில்? தம்பி வீட்டு மேஜை டிராயரில் கிடந்து, அவரே ஓடிபியைப் பார்த்துத் தட்டிவிட்டால், அது உங்கள் கையெழுத்தே இல்லை. கையெழுத்திடும் நேரத்தில் அந்தக் கட்டுப்பாடு கையெழுத்திடுபவரிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்கிறது சட்டம். குறுக்கு விசாரணையில் "அந்த ஓடிபி எந்த போனுக்கு வந்தது, யார் போட்டது?" என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சிம்மை வரவழைத்து, ரோமிங்கில் போட்டு, நீங்களே செய்யுங்கள்.

முத்திரைத்தாளை முதலில் வாங்கி, ஒப்பந்தத்தோடு ஒரே பிடிஎஃப் ஆக்கிய பிறகுதான் இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த பிடிஎஃப்தான் அசல். பிரிண்ட் எடுத்தால் வருவது அதன் படம் மட்டுமே. கோப்பை மின்னஞ்சலில் பத்திரமாக வையுங்கள், அளவைக் குறைக்கவோ திருத்தவோ வேண்டாம். திறக்கும்போது Signature Not Verified என்று மஞ்சள் கேள்விக்குறி வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் இந்தியச் சான்றிதழை அந்தக் கணினி நம்பகப் பட்டியலில் சேர்த்திருக்காது, அவ்வளவுதான். கையெழுத்துக்குப் பிறகு ஆவணம் மாற்றப்பட்டது என்று காட்டினால்தான் கவலைப்பட வேண்டும்.

சாட்சி பற்றிச் சொல்கிறேன். உயிலுக்கும் தானத்துக்கும் சாட்சிக் கையெழுத்து கட்டாயம், வாடகை ஒப்பந்தத்துக்கு அப்படிக் கட்டாயமில்லை. அதனால் தம்பி வீடியோவில் பார்த்தது செல்லுமா செல்லாதா என்பதில் ஒப்பந்தம் விழாது. ஆனால் "என் முன்னிலையில் கையெழுத்திட்டார்" என்ற வழக்கமான வரியின் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டாம். அது பொய்யாகும். "வீடியோ அழைப்பில் பார்த்தேன்" என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் பிற்பாடு சாட்சி சொல்லவும் அவருக்குச் சங்கடம் இருக்காது.

அந்தக் குடும்பம் மூன்று வருஷத்துக்கு இப்போதே பதிந்தாக வேண்டும் என்றால் தம்பிக்குப் பவர் கொடுக்க வேண்டும். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். பவர் பத்திரம் இன்றும் அந்த முதல் அட்டவணையில் இருக்கிறது, உங்களைப் போன்ற தனிநபர் அதை இ-சைனில் கொடுக்க முடியாது. காகிதத்தில் அச்சிட்டு, துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் சேவை வழியாக அதிகாரி முன் கையெழுத்திட்டுச் சான்று பெற்று, அசலைக் கூரியரில் அனுப்புங்கள். சென்னைக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். கூரியர் உறையைத் தூக்கிப் போடாதீர்கள், வந்த தேதிக்கு அதுதான் ஆதாரம். பவரில் இந்த மாடி போர்ஷனை இந்த வாடகைக்கு விட்டுப் பதிய மட்டும் அதிகாரம் கொடுங்கள். விற்கும் அதிகாரமும் சேர்ந்த ரெடிமேட் படிவம் கையில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அப்புறம், எந்த வழியில் போனாலும் ஒப்பந்தத் தேதியில் இருந்து 90 நாளுக்குள் tenancy.tn.gov.in தளத்தில் வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடுங்கள். 11 மாதம்தானே என்று இதை விட்டுவிட வேண்டாம், தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் அதற்கும் சேர்த்துத்தான்.