ஒருதலைக் காதலில் நம்பிக்கையை எப்போது விடுவது? கேள்வி பதில்

மனநல ஆலோசகராகப் பல ஆண்டுகள் இருந்தேன். அதற்கு முன் ஆறு ஆண்டுகள், என்னை விரும்பாத ஒருவரை விரும்பிக்கொண்டிருந்தேன். இரண்டாவதுதான் எனக்குக் கூடுதல் தகுதி. நான் சொல்லும் சம்பவங்களில் ஆட்களின் அடையாளம் மாற்றப்பட்டிருக்கிறது. ஒரு வேண்டுகோள்: மூன்றாம் ஆளைத் தூது அனுப்பலாமா என்று யாரும் கேட்காதீர்கள். கூடாது.

ஒன்பதாம் ஆண்டு: படிக்கும் காலத்தில் தொடங்கியது, ஒன்பது வருடங்கள் ஆகின்றன. இன்னும் அவளிடம் சொல்லவில்லை. அவ்வப்போது பேசுகிறாள். நிறுத்தவேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வருடக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். இந்த வகை ஏக்கத்தை ஆராய்ந்த டாரதி டென்னாவ், 1979இல் வெளியிட்ட நூலில், அது பெரும்பாலும் ஒன்றரை ஆண்டிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தணிந்துவிடும் என்று கணித்தார். உங்களுக்கு ஏன் ஒன்பது ஆண்டுகள்? அதற்கும் அவரிடமே பதில் இருக்கிறது. ஏக்கத்துக்குத் தீனி அன்பு மட்டும் அல்ல, நிச்சயமின்மையும்தான். ஆம் என்றும் தெரியாமல், இல்லை என்றும் தெரியாமல் இருக்கும் வரை அது எரிந்துகொண்டே இருக்கும். சொல்லாமலே இருந்ததன் மூலம் அந்த நிச்சயமின்மையை நீங்களே பாதுகாத்து வந்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் என் கண்ணில் பட்டது ‘அவ்வப்போது’ என்ற சொல். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களை வைத்துச் செய்த சோதனைகள் புகழ்பெற்றவை. கொத்தும்போதெல்லாம் தானியம் பெற்ற புறா, தானியம் நின்றதும் விரைவில் ஓய்ந்துவிடுகிறது. எப்போது கிடைக்கும் என்றே தெரியாமல் எப்போதாவது பெற்ற புறாவோ, நின்ற பிறகும் வெகுநேரம் கொத்திக்கொண்டே இருக்கிறது. அவள் தினமும் அன்பாகப் பேசியிருந்தாலோ, முற்றிலும் பேசாமல் போயிருந்தாலோ இது இவ்வளவு தூரம் நீண்டிருக்காது. இதில் அவள் குற்றம் எதுவும் இல்லை. அவள் சாதாரணமாகத்தான் பேசுகிறாள்.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன். முன்பு உடன் வேலை பார்த்த பெண்மீது ஏழு ஆண்டுகள் ஆசை வைத்திருந்தார். இரண்டு பத்திகள் கொண்ட நோட்டு ஒன்றை எட்டு வாரங்களுக்கு எழுதச் சொன்னேன். இடது பக்கம் நடந்தது மட்டும்: யார் முதலில் பேசினார், என்ன சொன்னார். வலது பக்கம், அதற்கு இவர் கொடுத்த அர்த்தம். எட்டு வாரத்தில் இருபத்துமூன்று தொடர்புகள். பத்தொன்பதை இவர் தொடங்கியிருந்தார். அவள் தொடங்கிய நான்கில் இரண்டு எல்லோருக்கும் அனுப்பிய வாழ்த்துகள், ஒன்று ஒரு பழைய கோப்பு கேட்டு. கடைசி ஒன்று, இரவு பத்தரைக்கு வந்த “எப்படி இருக்கிறாய்?”. அந்த ஒரு வரியைப் பற்றி வலது பக்கத்தில் பதினொரு நாட்கள் எழுதியிருந்தார்.

எண்ணிக்கையைப் பார்த்ததும் தெளிந்துவிடுவார் என்று நினைத்தேன். தவறு. “அந்த நான்காவதுதான் முக்கியம்” என்றார். சரி, கேட்டுவிடுங்கள் என்றேன். ஒரே முறை, நேரடியாக, வேறு அர்த்தம் கொள்ள இடமில்லாத சொற்களில். கேட்டார். “நீ எனக்கு நல்ல நண்பன். எனக்கு அந்த எண்ணம் இல்லை” என்றாள். அடுத்த வாரம் என்னிடம் வந்து, “அவளுக்கு இப்போது அந்த எண்ணம் இல்லையாம்” என்றார். ‘இப்போது’ என்ற சொல்லை அவள் சொல்லவே இல்லை. இவர் சேர்த்துக்கொண்டது. இடது பத்தியில் அவள் வாக்கியத்தை அப்படியே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டு வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

அதுதான் அடையாளம். மற்றவரின் வாக்கியத்தில் இல்லாத சொல்லை நீங்கள் சேர்த்தால்தான் நம்பிக்கை உயிரோடு இருக்கும் என்ற நிலை வந்துவிட்டால், அந்த நம்பிக்கைக்கு அவரோடு தொடர்பு அறுந்துவிட்டது. இன்று நீங்கள் செய்யவேண்டியது: ‘எது நடந்தால் விட்டுவிடுவேன்?’ என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். எந்தப் பதிலும் ‘இல்லை’ ஆகாது என்று தோன்றினால், உங்களுக்கு ஏற்கெனவே விடை தெரியும்.

நடைபாதை: எங்கள் இருவருக்கும் பொதுவான தோழி ஒருத்தி இருக்கிறாள். அவள் மூலம் அவன் மனத்தை மெல்ல அறிந்துகொள்ளலாமா?

முன்னுரையைப் படித்தீர்களா? தூது போகிறவர் உங்கள் முகம் வாடக் கூடாது என்று பாதியை விழுங்கிவிடுவார். “யோசிக்கிறான் போலிருக்கிறது” என்று வந்து சொல்வார். அந்த ‘போலிருக்கிறது’ உங்களுக்கு இரண்டு வருடங்களுக்குப் போதும்.

வெள்ளிமீன்: என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அவர்தான் எப்போதும் முதலில் பார்க்கிறார். இதற்கு அர்த்தம் உண்டா?

அவர் கையில் போன் இருக்கிறது என்று அர்த்தம்.

கசப்பு: ஐந்து வருடங்கள் சிரித்துப் பேசினாள், பிறந்தநாளுக்குப் பரிசு கொடுத்தாள். கடைசியில் “நான் அப்படி நினைக்கவே இல்லை” என்கிறாள். இது ஏமாற்று இல்லையா?

1993இல் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் இதையே இரு பக்கமும் கேட்டார்கள். காதலித்து ஏமாந்த அனுபவத்தையும், காதலிக்கப்பட்டு மறுத்த அனுபவத்தையும் எழுத வைத்தார்கள். காதலித்தவர்களின் கதைகளில், “எனக்கு நம்பிக்கை கொடுத்தார், தெளிவாக மறுக்கவில்லை” என்ற குரல் ஓங்கியிருந்தது. மறுத்தவர்களின் கதைகளிலோ, மறுப்பைத் தெரிவித்ததாகவே நினைவு, கூடவே குற்றவுணர்வு. காதலிப்பவருக்கு என்ன செய்வது என்று கற்றுத்தரக் கதைகள் ஏராளம். மறுப்பவருக்கு அப்படி எதுவும் இல்லாததால் அவர் தடுமாறுகிறார். யாரும் பொய் சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் இரண்டு வேறு கதைகள் பிறந்துவிடுகின்றன. பரிசு பரிசுதான், கசப்பு.

மறுகரை: அம்மா, நான் அந்தப் பக்கம் இருந்தவள். ஒருவரிடம் மூன்று முறை “வேண்டாம்” என்றேன். முதல் முறை மென்மையாகச் சொன்னதால், மற்ற இரண்டும் அவர் காதில் விழவில்லை. சிரித்தால் நம்பிக்கை கொடுத்தேன் என்கிறார்கள், சிரிக்காவிட்டால் திமிர் என்கிறார்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. மூன்றாவது முறை சொல்லும் நிலைக்கு உங்களைத் தள்ளியிருக்கவே கூடாது.

தராசு: இருவர்மீதும் தவறு உண்டு. ஒருவன் தன்னை விரும்புகிறான் என்பது பெண்ணுக்குத் தெரியாமல் போகாது. தெரிந்தும் பேசாமல் இருந்தால் அது பாதிச் சம்மதம்தானே?

முதல் பாதி பெரும்பாலும் சரி. பல நேரங்களில் தெரிந்துவிடும். இரண்டாம் பாதி முழுத் தவறு. கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர். “நீ என்னைக் காதலிக்கிறாய் போலிருக்கிறது, எனக்கு வேண்டாம்” என்று ஒருவர் தாமாக வந்து சொன்னால், “உனக்கு எவ்வளவு தலைக்கனம்” என்று நாம்தானே சிரிப்போம்?

மறுகரை: சம்மதத்தில் பாதி, கால் என்றெல்லாம் கிடையாது, தராசு.

தராசு: நான் சட்டம் பேசவில்லை. பரிசு வாங்கிக்கொள்வதும், இரவில் மனம்விட்டு அழுவதும், துணைக்குக் கூப்பிடுவதுமாக இருந்துவிட்டு, “எனக்குத் தெரியவே தெரியாது” என்றால் அது நேர்மையா என்று கேட்கிறேன்.

இது வேறு கேள்வி, நல்ல கேள்வியும்கூட. தெரிந்துகொண்டே ஒருவரின் ஏக்கத்தைத் தன் தனிமைக்கு மருந்தாக்குகிறவர்கள் உண்டு. பார்த்திருக்கிறேன். ஆனால் வெளியில் இருந்து அவர்களையும் வெறுமனே நட்பாகப் பழகுகிறவர்களையும் பிரித்தறிய எனக்கு இன்றுவரை வழி தெரியவில்லை. நல்லவேளையாக, ஏங்குகிறவருக்கு அந்த வித்தியாசம் தேவையும் இல்லை. இரண்டிலும் அவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: ஒருமுறை கேட்பது, பதிலை அப்படியே ஏற்பது.

மறுகரை: எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘ஒருமுறை கேளுங்கள்’ என்று நீங்கள் சொல்வதே எங்கள்மீது ஒரு சுமைதான். என் மேலதிகாரி கேட்டபோது நான் “இல்லை” என்று சொல்ல எவ்வளவு பயந்தேன் தெரியுமா?

இதை நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் கீழ் வேலை பார்ப்பவரிடமோ, உங்களிடம் படிப்பவரிடமோ, உங்கள் தயவில் இருப்பவரிடமோ கேட்காதீர்கள். அவர் தயங்காமல் ‘இல்லை’ சொல்ல முடியாத இடத்தில், ‘ஆம்’ என்ற பதிலுக்கும் மதிப்பில்லை. அங்கே கேட்காமலே விடுவதுதான் வழி.

கசப்பு: அப்படியென்றால் என் ஐந்து வருடங்களுக்கு யாருமே பொறுப்பில்லையா?

இல்லை. கேட்க எரிச்சலாக இருக்கும். என் ஆறு வருடங்களுக்கும் ஆள் தேடியிருக்கிறேன், கிடைக்கவில்லை.

பனித்துளி: நினைக்கவே கூடாது என்று தினமும் முயல்கிறேன். இன்னும் அதிகமாகத்தான் நினைவு வருகிறது. ஏன்?

வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொல்லி, வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் ஒரு சோதனை செய்தார். முயன்றவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப வந்தது, தடை நீங்கியதும் இன்னும் அதிகமாக வந்தது. எனவே நினைவை விரட்டவேண்டாம். நினைவைத் தொடர்ந்து வரும் செயலை மட்டும் நிறுத்துங்கள்: புகைப்படத்தைத் திறப்பது, பழைய செய்திகளை மீண்டும் படிப்பது. தொடக்கத்தில் சில நாட்கள் ஆவல் கூடும். “முறை பலிக்கவில்லை” என்று பலர் சரியாக அங்கேதான் கைவிடுகிறார்கள்.

மாடிவீடு: என் கணவர் இரண்டு வருடங்களாக முன்போல் பேசுவதில்லை. இதுவும் ஒருதலைக் காதல்தானா?

இல்லை. உங்களுக்குள் பேச்சு நின்ற ஒரு உறவு இருக்கிறது. இங்கே நாங்கள் பேசுவது தொடங்காத உறவைப் பற்றி. இருவருமாகத் தம்பதியர் ஆலோசகரிடம் போங்கள். இங்கு சொல்வதை உங்கள்மீது பொருத்திப் பார்க்கவேண்டாம்.

எட்டுத் திசை: எனக்கும் எட்டு வருடங்கள். எப்போது நிறுத்துவது?

முதல் பதில்.

சாம்பல் குருவி: அவனுக்குப் பதிலாக அவன் அக்காவிடம் கேட்டால்?

அக்காவும் மூன்றாம் ஆள்தான்.

இரவல் நிழல்: அவள் மறுத்து மூன்று வாரங்கள். தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை. இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது.

மற்ற கேள்விகள் காத்திருக்கட்டும். இன்று இரவு தனியாக இருக்காதீர்கள். வீட்டிலோ நட்பிலோ ஒருவரிடம் இப்போதே, இதே சொற்களில் சொல்லுங்கள். நாளை மருத்துவரைப் பாருங்கள். உயிரை விடும் எண்ணம் வலுத்தால் நாளை வரை காத்திராமல் அவசர உதவியை அழையுங்கள். காதலைப் பற்றிப் பிறகு பேசலாம். சொல்லிவிட்டீர்களா என்று எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இரவல் நிழல்: அண்ணனிடம் சொன்னேன். வந்துகொண்டிருக்கிறார்.

நல்லது. அவர் வரும் வரை இங்கேயே இருங்கள்.

தராசு: விட்டுவிட்டால் அன்பும் போய்விடுமா?

உடனே போகாது. நம்பிக்கை முதலில் போகும், அன்பு பின்னால் மெல்லக் கரையும். பலர் வரிசையை மாற்றி வைத்திருக்கிறார்கள். அன்பு தீர்ந்த பிறகுதான் விடவேண்டும் என்று காத்திருக்கிறார்கள். நம்பிக்கை இருக்கும் வரை அன்பு தீராது. எனக்கு முழுதாகக் கரைய, விட்ட பிறகும் ஒன்றரை ஆண்டுகள் ஆயின.

ஒன்பதாம் ஆண்டு: அந்த வரியை எழுதினேன், அம்மா. “அவளுக்கு வேறொருவருடன் திருமணம் ஆனால் விட்டுவிடுவேன்.”

அது அவள் வாழ்க்கையில் நடப்பது. உங்கள் கேள்விக்கு அவள் தரும் பதில் அல்ல. மாற்றி எழுதுங்கள்.

ஒன்பதாம் ஆண்டு: “நேரில் கேட்டு, அவள் ஆம் என்று சொல்லாவிட்டால் விட்டுவிடுவேன்.” அடுத்த மாதம் கேட்கிறேன்.

ஏன் அடுத்த மாதம்?

ஒன்பதாம் ஆண்டு: அவளுக்கு இந்த மாதம் ஒரு தேர்வு இருக்கிறது.

நல்ல காரணம். தேர்வு முடியும் தேதிக்கு மறுநாளை இடது பத்தியில் எழுதிவையுங்கள்.

ஒன்பதாம் ஆண்டு: என் நண்பன் ஒருவன் அவளோடுதான் படிக்கிறான், தேர்வு எப்போது முடிகிறது என்று அவனிடம்…

வேண்டாம்.