உளுந்து வேரில் இருக்கும் உருண்டைகள்

“காலேஜில் உளுந்துச் செடியைப் பிடுங்கி வேரில் என்னம்மா பார்க்கிறீங்க?”

அன்புள்ள தாத்தா,

வேர் முடிச்சுகளைத்தான் பார்க்கிறோம். வேரில் ஒட்டியிருக்கும் சின்ன உருண்டைகள் அவை. உள்ளே ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. காற்றில் தழைச்சத்து நிறைய இருந்தாலும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. ரைசோபியம் அதைப் பக்குவமாக்கித் தரும், செடி பதிலுக்குச் சர்க்கரை தரும். நம் நிலத்தை வாரத்துக்கு விடுவது மாதிரிதான்.

நேற்று பூவெடுத்த செடியில் ஒரு முடிச்சை நகத்தால் கீறினேன். உள்ளே இளஞ்சிவப்பு! அப்படியென்றால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. யூரியாவை அள்ளிப் போட்டாலும் முடிச்சு குறைந்துவிடும், தாத்தா.

அப்புறம், இதை நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நூற்புழு வீக்கம் வேறு: அது வேரே பருத்துப்போவது, தேய்த்தால் உதிராது. இந்த முடிச்சு விரல் பட்டாலே உதிரும்.

உங்கள் பேத்தி